வாசலோடு நின்றுபோன வரி

அலுவலகத்தில் அவருக்குப் பிழைதிருத்தி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கொடுத்தது போல் நிமிர்ந்து உட்கார்வார். வானொலி நிலையத்தின் ஒலிக்கிடங்கில் இருபத்தைந்து வருடமாகக் குறிப்பாளர் வேலை. நிலத்தடித் தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை, இரும்பு அலமாரிகள், அவற்றில் பாட்டும் பேச்சும் நாடகமுமாகப் பல்லாயிரம் நாடாக்கள். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதியதும், பிறகு அந்த அட்டைகளைக் கணினியில் ஏற்றியதும் அவர்தான்.

ஒரு வருடத்துக்கு முன்பு நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பாட்டின் வரியைத் தட்டிப் பார்க்கலாம். கணினி கண்டுபிடித்தால் சரி. கண்டுபிடிக்காவிட்டால் தட்டியவர் முகவரி கொடுத்திருக்கும் பட்சத்தில் கேள்வி பிழைதிருத்தியின் மேசைக்கு வந்து விழும். அன்றிலிருந்து உலகத்தின் மீது அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

"பாட்டு வேணுமாம். முதல் வரி தெரியாது. கடைசி வரி தெரியாது. நடுவுல ரெண்டு சொல், அதுவும் தப்பு" என்பார் அடுத்த மேசைக்காரியிடம். "'நெஞ்சிலே'ன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான். நெஞ்சிலே! இவன் நெஞ்சுல என்ன இருக்குன்னு நான் இங்கிருந்து எக்ஸ்ரே எடுக்கணுமா?"

அடுத்த மேசைக்காரியை எல்லோரும் டேப்பக்கா என்பார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த பிழைதிருத்தி உட்பட. அறுந்த நாடாக்களை ஒட்டுவதும் பூஞ்சை பிடித்ததைத் துடைப்பதும் அவள் வேலை. அவள் தலை நிமிராமலே சொல்வாள்: "பாட்டு முழுசா ஞாபகம் இருந்தா அவங்க ஏன் சார் தேடுறாங்க?"

அதை அவர் காதில் வாங்கியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை வந்த கேள்வியில் நான்கே சொற்கள். 'வெளக்கி வச்சவ வாசல்ல நிக்க.' அவ்வளவுதான். வணக்கம் இல்லை, தயவுசெய்து இல்லை, யார் பாடியது என்று ஒரு குறிப்பு இல்லை. அனுப்பியது ஒரு பெண் என்று முகவரியிலிருந்து மட்டும் தெரிந்தது. பிழைதிருத்தி மூக்கைச் சுருக்கினார்.

"வெளக்கியாம். விளக்குன்னு எழுதத் தெரியல. பாட்டு கேக்க வந்துட்டாங்க."

'வெளக்கி' என்பதை அழித்து 'விளக்கு' என்று திருத்தித் தேடினார். விளக்கு வைத்தவள், வாசல். பெட்டி நாற்பத்திரண்டு பாட்டுகளைக் கொட்டியது. அதில் ஏழாவது, கடலுக்குப் போன கணவனுக்காக வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. அருமையான குரல். 'தாங்கள் தேடியது கீழ்க்காணும் பாடலே. இனி எழுத்துப்பிழையின்றி அனுப்பினால் விரைந்து உதவ இயலும்' என்று எழுதி, இணைப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மூன்று நிமிட வேலை. மேலாளருக்கு இப்படிப்பட்டவைதான் பிடிக்கும். அவன் இவரைவிட இருபது வயது சின்னவன். பாட்டுக்கும் பக்கவாட்டுச் சுவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பதில் போயிற்று என்று மட்டும் பலகையில் எழுதி வைப்பான்.

திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது.

'இது இல்லீங்க. இது நல்ல பாட்டு.'

பிழைதிருத்திக்குச் சுருக்கென்றது. "நான் கண்டுபிடிச்சுக் கொடுத்த பாட்டை இல்லைங்குறா! என்ன பாட்டுன்னு இவளுக்கே தெரியாதாம், ஆனா இது இல்லன்னு மட்டும் தெரியுமாம்!"

டேப்பக்கா எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"சார், 'இது நல்ல பாட்டு'ன்னு எழுதியிருக்கா."

"தெரியுது. நல்ல பாட்டுதான். நான் கொடுத்தது."

"அப்போ அவ தேடுறது நல்ல பாட்டு இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாதாரணமாகத் திறக்காத பதிவேட்டைத் திறந்தார். தேடல் பெட்டியில் யார் எப்போது என்ன தட்டினார்கள், எதைச் சொடுக்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்ப்பது தன் தகுதிக்குக் குறைவு என்பது அவர் எண்ணம்.

அந்தப் பெண் நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். முதல் நாள், 'விளக்கு வச்சவ வாசல்ல'. இரண்டு நிமிடம் கழித்து, 'விளக்கு வச்சவ வாசல்ல நிக்க'. மறுநாள், 'வெளக்கு வச்சவ'. பிறகு 'வெளக்கி வச்சவ வாசல்ல நிக்க'. அதற்குப் பின் ஐந்து முறையும் அதே வரிதான், அதே 'வெளக்கி'.

பிழைதிருத்தி திரையைப் பார்த்தார். 'வாசல்ல' ஒரு தடவைகூட மாறவில்லை. 'நிக்க' வந்தபின் போகவில்லை. அவை அவளுக்குச் சந்தேகமில்லாத சொற்கள். முதல் சொல்தான் மாறிக்கொண்டே இருந்தது, அதுவும் எப்படி? ஒழுங்கான எழுத்திலிருந்து ஒழுங்கற்ற எழுத்துக்கு. எழுதத் தெரியாதவள் தப்பிலிருந்து சரிக்குப் போவாள், அல்லது தப்பிலேயே கிடப்பாள். இவள் சரியிலிருந்து தப்புக்கு வந்திருக்கிறாள்.

"கைப்பேசி மாத்தியிருக்கு" என்றாள் டேப்பக்கா. "நாம ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு போடும்ல? விளக்குன்னு அதுவா போட்டிருக்கு. அவ சண்டை போட்டு 'வெளக்கி'ன்னு கொண்டு வந்திருக்கா. நீங்க மறுபடியும் விளக்குன்னு மாத்திட்டீங்க."

கைப்பேசிக்கும் தனக்கும் ஒரே அறிவு என்று இந்தப் பெண்பிள்ளை சொல்வது போல் அவருக்குப் பட்டது. சொன்னதும் அதைத்தான்.

"அப்ப வெளக்கின்னா?"

"பாத்திரம் வெளக்கி. வெளக்கி வச்சவ."

விளக்கு அல்ல, துலக்குதல். பாத்திரம் துலக்கி வைத்தவள் வாசலில் நிற்கிறாள். நாற்பத்திரண்டு பாட்டுகளும் ஒரே அடியில் குப்பைக்குப் போயின.

பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. அவள் திறந்து பார்த்த பாட்டு எதையும் கேட்கவில்லை. ஒலியைத் தொடாமல் நேராகப் பாடல்வரிப் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். கீழே வரை இறக்கிப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். ஒவ்வொன்றும் பத்து நொடி. பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவள் செய்கிற காரியமில்லை அது. அவளுக்குப் பாட்டு வேண்டாம், வார்த்தை வேண்டும்.

பிழைதிருத்தி விறைப்பாக ஒரு கடிதம் எழுதினார். பாடலை எங்கே கேட்டீர்கள், யார் பாடினார்கள், எந்தச் சமயத்தில், உங்களுக்கு எது தேவை: ஒலியா, வரியா, பொருளா? இருபத்தைந்து வருடத்தில் இந்த நாலு கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியது அவர்கள், சொல்ல வேண்டியது தான் என்றே இருந்துவிட்டார்.

மத்தியானம் பதில் வந்தது. இம்முறை நீளமாக.

'எங்க நாத்தனார் பாடுவாங்க, வீட்டுக்காரரோட அக்கா. ஞாயித்துக்கிழமையான சாப்பிட வருவாங்க. நான் பரிமாற வந்து வாசப்படியில நின்னா பாடுவாங்க. இந்த ஒரு வரிதான். அதோட நிறுத்திட்டுச் சிரிப்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நான் கல்யாணத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரி கேண்டீன்ல பாத்திரம் வெளக்கிட்டிருந்தேன். அதான். மீதி வரி என்னன்னு தெரியணும். மீதியில என்ன சொல்லி வையுறாங்கன்னு தெரியாமலே நானும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கேன்.'

டேப்பக்கா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். பிழைதிருத்தி அதை இன்னொரு முறை படித்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்து மூக்கு முட்டத் தின்னுட்டு, பரிமாறுறவளைப் பார்த்துப் பாட்டு வேற. ஒரு வரி! அதுக்கு மேல தெரியாது அதுக்கு!" என்றார்.

யாரையாவது மட்டம் தட்டாமல் அவருக்குப் பொழுது போகாது. அதுவரை தட்டப்பட்டவள் கேள்வி கேட்டவள். இப்போது குறி நாத்தனார் பக்கம் திரும்பியது. வேலை சூடு பிடித்தது.

ஆனால் பெட்டி கைவிரித்தது. 'வெளக்கி', 'விளக்கி', 'துலக்கி', 'வாசலில் நிற்க', 'வாசல்ல நிக்க' என்று எல்லா விதமாகவும் போட்டார். ஒன்றுமில்லை. காரணம் அவருக்குத் தெரியும். கிடங்கில் பெரும்பாலான பாட்டுகள் முதல் வரியை வைத்துத்தான் பதியப்பட்டிருக்கின்றன. ஜனங்களோ முதல் வரியை மறந்துவிடுவார்கள்; நடுவில் எங்கோ தைத்த வரியைத்தான் வைத்திருப்பார்கள். நாத்தனாருக்குத் தைத்தது மூன்றாவது சரணமோ, நாலாவதோ. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

"மெட்டைக் கேளுங்க" என்றாள் டேப்பக்கா. "பாடி அனுப்பச் சொல்லுங்க."

"அவ பாடி, நான் கேக்கணுமா?"

"நாத்தனார் பாடுற மாதிரியே பாடச் சொல்லுங்க. எங்க இழுக்குறாங்க, எங்க நிறுத்துறாங்க, அது மாறக்கூடாது."

மறுநாள் காலை ஒலிப்பதிவு வந்தது. ஒன்பது நொடி. பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். பெண்குரல், கூச்சத்தோடு ஆரம்பித்து, பிறகு நாத்தனாரின் குரலை அப்படியே பிடித்துக்கொண்டது: "வெளக்கி வச்சவ... வாசல்ல நிக்க..." அங்கே நின்றது. ஒரு சிரிப்பு. 'ஹஹ்ஹஹ்ஹா' என்று ஏறி இறங்கும் மூன்று படிச் சிரிப்பு. அதோடு முடிந்தது.

பிழைதிருத்தி அதை ஆறு தடவை போட்டார். ஆறாவது தடவை மேசையில் விரலால் தாளம் தட்டினார். வரி முடிந்ததும் சிரிப்பு சரியாக இரண்டு தட்டுக்குள் அடங்கியது. ஏழாவது தடவையும் அப்படியே.

"அக்கா, இங்க வாங்க. இந்தச் சிரிப்பைக் கேளுங்க. தாளத்துல சிரிக்குது!"

மனிதர்கள் தாளத்தில் சிரிப்பதில்லை, மேடையில்தான் சிரிப்பார்கள். பழைய நகைச்சுவை நாடகங்களில் பாட்டுக்கு நடுவே இரண்டு தட்டு காலியாக விடுவார்கள், சபை சிரித்து ஓயட்டும் என்று. பாடுகிறவளும் அதற்குள் ஒரு சிரிப்பைப் போட்டுச் சபையைக் கிளப்பிவிடுவாள். நாத்தனாரின் சிரிப்பு நாத்தனாருடையதல்ல. எந்தக் காலத்திலோ எந்த நடிகையோ சிரித்ததை, பாட்டோடு சேர்த்து விழுங்கி வைத்திருக்கிறாள். "சிரிப்பு கூடச் சொந்தமில்ல பாருங்க" என்று பிழைதிருத்தி ஆனந்தமாகச் சொன்னார்.

இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. சிரிப்புக்காக நிறுத்திய பாட்டு, சிரிப்புக்குப் பின் தொடர்ந்தே ஆக வேண்டும். முதல் அடி வில்லை இழுப்பதோடு சரி; நகைச்சுவைப் பாட்டில் குத்து இரண்டாம் அடியில்தான் இருக்கும். நாத்தனார் நிறுத்துகிற இடத்தில் பாட்டு நிற்காது.

சபையின் சிரிப்போடு பதிவான மேடை நாடகங்கள் கிடங்கில் முப்பத்தொரு நாடாக்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வேகமாக ஓட்டி, பாட்டு வருகிற இடத்தில் நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்டி. செவ்வாய் முழுக்க இருவரும் அதையே செய்தார்கள். மேலாளர் இறங்கி வந்து பலகையைப் பார்த்தான்.

"சார், இன்னிக்கு உங்க பேர்ல ஒரு பதில்கூடப் போகலையே."

"போகல."

"நேத்து ஒண்ணு. அதுவும் 'திருப்தி இல்லை'ன்னு வந்திருக்கு."

"அது என் தப்பு" என்றார் பிழைதிருத்தி. அந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டிராத டேப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். மேலாளருக்கு அதன் அருமை தெரியவில்லை. "எண்ணிக்கையைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு மேலே போனான். "இவன் பாட்டைத் தராசுல போடுறவன்" என்றார் பிழைதிருத்தி, படியேறும் செருப்புச் சத்தம் ஓய்வதற்கு முன்பே.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, பத்தொன்பதாவது நாடாவில் அது கிடைத்தது. 'எஜமானி வருகிறாள்' என்றொரு நாடகம், பெயர் யாருக்கும் நினைவிராத ஒரு குழுவினுடையது. பணக்கார வீட்டில் பற்றுப்பாத்திரம் தேய்த்த பெண், காலம் மாறி அதே தெருவில் பெரிய வீடு வாங்குகிறாள். நொடித்துப்போன பழைய எஜமானி உதவி கேட்டு அந்த வீட்டு வாசலுக்கு வருகிறாள். அப்போது உள்ளே இருப்பவள் பாடுகிறாள்:

'வெளக்க வச்சவ வாசல்ல நிக்க –'

ஹஹ்ஹஹ்ஹா. சபை அதிர்கிறது.

'வெளக்கி வச்சவ நடுவீட்ல உக்கார –
போனாப் போகுது, பாவம்,
உள்ள வரச் சொல்லு!'

பிழைதிருத்தி நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். சந்தேகமே இல்லை. வெளக்கி அல்ல, வெளக்க. விளக்கி வைத்தவள் அல்ல, விளக்க வைத்தவள். தேய்த்தவள் அல்ல, அவளைத் தேய்க்க வைத்தவள்தான் வாசலில் நிற்கிறாள். தேய்த்தவள் இரண்டாம் வரியில் கால்மேல் கால் போட்டு நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நாத்தனார் இரண்டு வரியையும் குழப்பி, முதல் வரியின் உடம்பில் இரண்டாம் வரியின் தலையை ஒட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சே மாத்தியிருப்பாளோ?" என்றாள் டேப்பக்கா.

"அந்த அளவுக்கு மூளை இருந்தா மீதியையும் சேர்த்து மாத்தியிருப்பா. இது மறதி. வருஷக்கணக்கா அந்தப் பெண்ணோட பக்கம் பாடுற பாட்டை அவளுக்கு எதிராவே பாடிக்கிட்டிருக்கு, அந்த ஞானசூனியம்."

சிரித்துக்கொண்டே நாடாப் பெட்டியைப் புரட்டியவர், உள்ளே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாடகத்தின் பெயர், தேதி, நேரம். அதன் கீழே: 'பாடல்கள் ஐந்து. வேலைக்காரியின் பாட்டு உட்பட. கொச்சை நடை. வரிகள் எழுதத் தேவையில்லை.' கையெழுத்து அவருடையது. கீழே அவர் குறிப்பெழுதிய தேதி, பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது.

அவர் அன்று அந்த நாலு வரியை எழுதியிருந்தால், அந்தப் பெண் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். முதல் தடவையிலேயே. விளக்கு என்று போட்டிருந்தாலும் பக்கத்திலாவது வந்து நின்றிருக்கும். எழுதத் தேவையில்லை என்று அவர் முடிவு செய்த நாளில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

டேப்பக்கா அட்டையைப் படித்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். அதுதான் அதிகம் சுட்டது.

அவர் பதில் எழுத உட்கார்ந்தார். நாலு வரியையும் நாடகத்தில் பாடியபடியே, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் எழுதினார். எந்தச் சொல் எங்கே மாறியிருக்கிறது, மாறியதால் பொருள் எப்படித் தலைகீழானது, நாடகத்தில் யார் யாரைப் பார்த்துப் பாடுகிறாள், முதல் வரிக்குப் பின் சிரிப்புக்கு இரண்டு தட்டு விடுகிறார்கள் என்பதையும் விளக்கினார். கடைசியில், 'தாங்கள் எழுதியது சரி. முதலில் நான் அதைத் திருத்தியது தவறு' என்று ஒரு வரி. ஒலித்துண்டையும் கூடவே வைத்தார். சந்தேகம் என்றால் கூப்பிடலாம் என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒன்றுமில்லை. "ஒரு நன்றி சொல்லத் தெரியல" என்று ஆரம்பித்தார். டேப்பக்கா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது.

"சார், நான்தான். வெளக்கி வச்சவ."

"சொல்லுங்கம்மா" என்றார் பிழைதிருத்தி. டேப்பக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"நேத்து வந்தாங்க சார். எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. நான் குழம்பை எடுத்துக்கிட்டு வாசப்படி தாண்டுறேன், அவங்க ஆரம்பிச்சாங்க. அதே வரி, அதே சிரிப்பு. சிரிப்பு முடியட்டும்னு நான் நின்னேன் சார். நீங்க ரெண்டு தட்டுன்னு எழுதியிருந்தீங்கல்ல? எண்ணிக்கிட்டே நின்னேன். முடிஞ்சதும் நான் எடுத்தேன். வெளக்கி வச்சவ நடுவீட்ல உக்கார, போனாப் போகுது, பாவம்..."

"உள்ள வரச் சொல்லு" என்றாள் டேப்பக்கா தன் மேசையிலிருந்து.

"ஆமாக்கா! எங்க மாமனாருக்கு எழுபத்தெட்டு வயசு. காதும் சரியா கேக்காது. அவரு தட்டுல கையை வச்சபடியே நிமிர்ந்து, 'அட, எஜமானி வருகிறாள்!'னு கத்திட்டாரு. அந்த நாடகத்தை அவரு பார்த்திருக்காரு சார். அப்ப சின்னப் பிள்ளையா இருந்த நாத்தனாரையும் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாராம். யாரு வாசல்ல நிக்கிறா, யாரு உள்ள உக்காந்திருக்கா, எல்லாக் கதையையும் சொல்லிட்டு, மகளைப் பார்த்து, 'உனக்கு அப்பவே அந்தப் பாட்டு புரியல, இப்பவுமா?'ன்னு கேட்டாரு."

"நாத்தனார் என்ன சொன்னாங்க?" என்றார் பிழைதிருத்தி.

"எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காதுன்னாங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு பாருங்க... இத்தனை வருஷமா அவங்க பாடும்போது சிரிச்ச அதே சிரிப்பு. எனக்கு அது பிடிக்கல சார். அவரு யாரு பக்கமும் இல்ல. சிரிப்பு எங்க இருக்கோ அந்தப் பக்கம். அது எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிழைதிருத்தி அவளிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல நினைத்தார். அட்டையைப் பற்றிச் சொல்ல நினைத்தார். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"சார், ஒரு சந்தேகம். அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றாள் அவள். "அடுத்த வாரமும் வர்றாங்களாம். அவங்க பாட மாட்டாங்க. ஆனா நான் பாடலாம்ல? அந்தக் கடைசி வரி, 'உள்ள வரச் சொல்லு', அதை இழுத்துப் பாடணுமா, வெட்டிப் பாடணுமா? நீங்க அனுப்பினதுல சபை சிரிக்கிற சத்தத்துல சரியா கேக்கல."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றார் பிழைதிருத்தி. பத்தொன்பதாவது நாடாவை எடுத்து வந்து பொருத்தி, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு முறை கேட்டார்.

"வெட்டித்தான் பாடியிருக்காங்க. 'சொல்லு'வை அப்படியே கீழ போட்டுடணும். இழுத்தீங்கன்னா கெஞ்சுற மாதிரி ஆயிடும்."